திறந்த அமைப்பு நோக்கா, சூழ்நிலை அணுகுமுறையா? இரண்டு கொள்குறி வினாக்களில் சறுக்கிய இடம்

வாசுகி:

நெட் தேர்வின் மேலாண்மைத் தாளுக்குப் படித்து வருகிறேன். நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் அடுத்தடுத்து வந்த இரண்டு வினாக்களைத் தவறவிட்டேன். இரண்டிலும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறேன் என்று தோன்றுகிறது, ஆனால் அந்த இடம் எது என்று பிடிபடவில்லை. வினாக்களை அப்படியே தருகிறேன்.

முதல் வினா: நிறுவனத்தைத் திறந்த அமைப்பாகக் காணும் நோக்கை வெளிப்படுத்தும் கூற்று எது?

அ) ஒரு மேலாளரின் கீழ், ஒன்றோடொன்று பின்னிய வேலைகளைச் செய்வோர் ஐந்து அல்லது மிஞ்சிப்போனால் ஆறு பேர்தான் இருக்கலாம்.
ஆ) நிறுவனம் தனக்கு வேண்டியதைச் சூழலிலிருந்து பெற்று, மாற்றி, சூழலுக்கே திருப்பி அளித்து, அங்கிருந்து வரும் தகவலைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது.
இ) சூழல் நிலையாக இருக்கும்போது இயந்திரத் தன்மையுள்ள அமைப்பும், மாறிக்கொண்டே இருக்கும்போது உயிர்த் தன்மையுள்ள அமைப்பும் பொருந்தும்.
ஈ) ஒவ்வொரு வேலைக்கும் உரிய ஒரே சிறந்த வழியை அளந்து கண்டுபிடித்து, தொழிலாளியை அதில் பழக்க வேண்டும்.

நான் 'இ' என்று குறித்தேன். விடைக்குறிப்பு 'ஆ' என்கிறது.

இரண்டாம் வினா: சூழ்நிலை அணுகுமுறையின் நிலைப்பாட்டை முழுமையாகச் சொல்வது எது?

அ) நிறுவனத்தை அமைக்க ஒரே சிறந்த வழி என்று எதுவும் இல்லை, ஆகவே எந்த வழியும் மற்றொன்றுக்குக் குறைந்ததன்று.
ஆ) ஒரே சிறந்த வழி என்று எதுவும் இல்லை, ஆயினும் எல்லா வழிகளும் ஒரே அளவு பயன் தருவதில்லை.
இ) செவ்வியல் கோட்பாட்டாளர்களின் கொள்கைகள் இன்றைய எந்த நிறுவனத்துக்கும் பொருந்தா.
ஈ) ஒரே முடிவை வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து வெவ்வேறு வழிகளில் அடையலாம்.

இதில் 'அ' குறித்தேன், விடை 'ஆ'. 'ஈ' ஏன் விடையாகாது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கார்மேகம்:

நான் மூன்று வகைச் சொற்களை வைத்துத்தான் இத்தகைய வினாக்களைக் கடந்து வருகிறேன். 'சூழல்' என்று இருந்தால் திறந்த அமைப்பு, 'பொறுத்தது', 'பொருந்தும்' என்று இருந்தால் சூழ்நிலை அணுகுமுறை, 'ஒரே', 'எப்போதும்' என்று இருந்தால் டெய்லர் போன்ற பழைய கோட்பாட்டாளர்களின் செவ்வியல் சிந்தனை. பெரும்பாலும் கைவிட்டதில்லை.

ஆனால் உங்கள் முதல் வினாவில் 'ஆ', 'இ' இரண்டிலும் சூழல் வருகிறது. சூழ்நிலை அணுகுமுறையே திறந்த அமைப்பு நோக்கிலிருந்து பிறந்ததுதான் என்பதால் இரண்டையும் சரி என்றே கொள்ள வேண்டும். வினாவில்தான் பிழை, மதிப்பெண் கேளுங்கள்.

செல்வி:

சூழ்நிலை அணுகுமுறையை ஆங்கிலத்தில் கண்டிஞ்சென்சி அணுகுமுறை என்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் கண்டிஞ்சென்சி என்றால் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வைப்பது. அரசமைப்புச் சட்டத்தின் 267ஆம் பிரிவில் வரும் நிதியும் அதே பெயரில்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த அணுகுமுறையும், எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே மாற்றுத் திட்டம் வைத்திருப்பதைத்தானே சொல்ல வேண்டும்? நான்கு விருப்பங்களில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லையே.

இராமநாதன் (ஓய்வுபெற்ற விரிவுரையாளர்):

செல்வி அம்மா, சொல் ஒன்றுதான், பொருள் வேறு. நிதியில் அது 'நேர்ந்தால் நேரலாம்' என்பதைக் குறிக்கிறது. இங்கே 'ஒன்றைச் சார்ந்து நிற்பது' என்பதைக் குறிக்கிறது. சில பழைய மொழிபெயர்ப்புகளில் இதைத் 'தற்செயல் அணுகுமுறை' என்று அச்சிட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதைப் படித்த மாணவர்கள் வெள்ளம், தீ விபத்து என்று விடைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதி வைப்பார்கள். இந்த அணுகுமுறைக்கும் தற்செயலுக்கும் எந்த உறவும் இல்லை. உண்மையில் இது எதிர்ப்பக்கம் நிற்பது: எந்த நிலைமைக்கு எந்த அமைப்பு என்பதை ஊகத்துக்கு விடாமல் ஆராய்ந்து சொல்ல முயல்கிறது.

வாசுகி, நீங்கள் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். சொற்களைத் தேடாதீர்கள், கூற்றின் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். முதல் வினாவின் 'ஆ' நிறுவனம் எப்படி உயிர்வாழ்கிறது என்று விவரிக்கிறது. அதில் 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று எதுவும் இல்லை. நூற்பாலைக்கும் அது பொருந்தும், நூலகத்துக்கும் பொருந்தும். 'இ'யில் ஒரு நிபந்தனையும் அதற்கேற்ற ஒரு பரிந்துரையும் இருக்கின்றன. சூழல் நிலையானதா மாறுவதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது, பார்த்த பிறகு அமைப்பை மாற்றிச் சொல்கிறது. அது பர்ன்ஸ், ஸ்டாக்கர் இருவரும் 1961இல் வெளியிட்ட முடிவு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் மின்னணுத் தொழிலுக்குள் நுழைய முயன்ற நிறுவனங்களை நேரில் பார்த்துச் சொன்னது.

கார்மேகம் சொன்னதில் பாதி சரி. திறந்த அமைப்பு நோக்கை ஏற்காமல் 'இ'யைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் சூழல் உள்ளே வந்து பாதிக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அதற்கேற்ப அமைப்பை மாற்று என்று சொல்ல முடியும். ஆனால் 'இ' அதற்கு மேல் இன்னொரு படி ஏறிவிட்டது. வினா கேட்பது முதல் படியை. ஆகவே அந்தப் படியிலேயே நிற்கும் 'ஆ'தான் விடை.

மற்ற இரண்டும் செவ்வியல். 'அ' அர்விக்குடையது, 'ஈ' டெய்லருடையது. ஒன்று நிர்வாகியின் நாற்காலியிலிருந்து பேசுகிறது, மற்றது பட்டறைத் தரையிலிருந்து பேசுகிறது. இரண்டிலும் நிறுவனம் எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியே எழவில்லை.

உங்கள் சொல் உத்தி இரண்டாம் வினாவில் உங்களைக் கவிழ்த்துவிடும், கார்மேகம். 'ஒரே' என்ற சொல் அங்கே மூன்று விருப்பங்களில் வருகிறது. அவற்றில் ஒன்றுகூடச் செவ்வியல் அன்று.

கார்மேகம்:

உத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனால் வாக்கிய அமைப்பைப் பார் என்பதிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. செவ்வியல் கோட்பாட்டாளரான ஃபேயால் தம் 1916ஆம் ஆண்டு நூலில், நிர்வாகத்தில் இறுகிய விதி எதுவும் இல்லை, எல்லாம் அளவறிந்து செய்யும் காரியம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதிகாரத்தை எவ்வளவு மையப்படுத்துவது என்பதையும் நிலைமைக்கு ஏற்பவே முடிவு செய்யச் சொல்கிறார். நிபந்தனை அங்கேயும் இருக்கிறதே. அப்படியானால் அவரையும் சூழ்நிலை அணுகுமுறைக்காரர் என்று சொல்லிவிடலாமா?

இராமநாதன்:

நல்ல கேள்வி, ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். ஃபேயால் கொள்கைகளை வளைத்துக் கொடுக்கச் சொல்கிறார். எந்த நிலைமையில் எவ்வளவு வளைப்பது என்பதை மேலாளரின் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறார். கொள்கை எல்லாருக்கும் ஒன்றே, உப்பு மட்டும் ஆளுக்குத் தக்கபடி என்பது போல. சூழ்நிலை அணுகுமுறையில் எது மாறுகிறது, அது மாறும்போது அமைப்பில் எது மாற வேண்டும் என்ற இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பார்கள்: தொழில்நுட்பம், சூழலின் நிலையாமை, நிறுவனத்தின் அளவு என்று. இந்த இரண்டு பெயர்களும் விருப்பத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதே காரணத்தால் மேரி பார்க்கர் ஃபாலெட்டின் 'நிலைமையின் விதி'யையும் சூழ்நிலை அணுகுமுறைக்குள் தள்ளிவிடாதீர்கள். அவர் பேசியது ஆணையைப் பற்றி. ஆணை மேலதிகாரியின் வாயிலிருந்து வராமல், இருவரும் சேர்ந்து ஆராய்ந்த நிலைமையிலிருந்து வர வேண்டும் என்றார். அவரை முன்னோடி என்று சொல்வோர் உண்டு, நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் விருப்பங்களில் 1960களின் ஆய்வு ஒன்று பக்கத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

திருப்பூர் மணி:

தேர்வுக்குப் படிப்பவன் அல்லேன். இருபது ஆண்டுகளாகப் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததை எழுதுகிறேன், இது உங்கள் பேச்சுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அங்கே உற்பத்தி லைனில் என் கீழ் 42 பேர் இருந்தார்கள். ஒரு டி-ஷர்ட்டைத் தோள் இணைப்பது, கழுத்து ரிப் வைப்பது, கை வைப்பது, பக்கவாட்டுத் தையல், கீழ் மடிப்பு என்று பிரித்து, ஆளுக்கு ஒரு வேலையாகக் கொடுத்திருப்போம். ஓவர்லாக் ஓட்டுபவர் நாள் முழுக்க ஓவர்லாக்தான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதியிருக்கும். அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது.

சாம்பிள் பிரிவு வேறு மாதிரி. நான்கு தையற்காரர்களும் முழு ஆடையைத் தைப்பார்கள். பேட்டர்ன் மாஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், சரக்கு வாங்கும் பையரின் மின்னஞ்சலோடு நேராக வந்து நிற்பார். யார் யாருக்கு மேல் என்று வெளியாள் பார்த்தால் தெரியாது. மேலாண்மை படித்துவிட்டு வந்த புதிய மேலாளர் ஒருவர், இது ஒழுங்கற்றிருக்கிறது என்று சொல்லி, சாம்பிள் பிரிவிலும் வேலையைப் பிரித்து நேர அளவு வைத்தார். கேள்வி எதுவாக இருந்தாலும் மேற்பார்வையாளர் வழியாகத்தான் போக வேண்டும் என்றார். அடுத்த வாரமே பையர் கழுத்து இறக்கத்தை அரை அங்குலம் கூட்டச் சொன்னார். கழுத்து தைப்பவர் தன் வேலையை மட்டும் மாற்றினார். அதனால் ரிப்பின் நீளம் மாற வேண்டும் என்பதைப் பார்க்க யாரும் இல்லை. கழுத்து சுருங்கி நின்றது. மூன்று நாளில் போக வேண்டிய சாம்பிள் எட்டாம் நாள்தான் கூரியரில் ஏறியது.

பையர் வெளிநாட்டில் இருக்கிறார், அங்கிருந்து தகவல் வருகிறது, அதற்கேற்பத் திருத்துகிறோம். ஆகவே எங்கள் சாம்பிள் பிரிவு திறந்த அமைப்பு, லைன் மூடிய அமைப்பு என்று சொல்லலாம் அல்லவா?

இராமநாதன்:

மணி அவர்களே, நீங்கள் எழுதியதை நான் வகுப்பில் வைத்திருந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும். ஆனால் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. லைனுக்கும் துணி வருகிறது, ஆட்கள் வருகிறார்கள், தைத்த ஆடை வெளியே போகிறது, திரும்பி வந்த சரக்கைப் பார்த்துச் செக்கிங்கை இறுக்குகிறீர்கள். திறந்த அமைப்பு நோக்கில் இரண்டு பிரிவுகளுமே திறந்தவைதான். அந்த நோக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சாம்பிள் பிரிவில் ஏன் அந்த மேலாளரின் ஏற்பாடு தோற்றது என்று சொல்ல முடியாது.

அதைச் சொல்வது அடுத்த படி. லாரன்ஸ், லார்ஷ் இருவரும் 1967இல் பிளாஸ்டிக், உணவு, கொள்கலன் என்ற மூன்று தொழில்களைச் சேர்ந்த நிறுவனங்களை ஒப்பிட்டார்கள். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஆராய்ச்சிப் பிரிவு எதிர்கொள்ளும் சூழல் வேறு, உற்பத்திப் பிரிவு எதிர்கொள்ளும் சூழல் வேறு. ஆகவே இரண்டின் அமைப்பும் வேறாக இருப்பதில் தவறில்லை, ஆனால் வேறானவற்றை இணைக்க ஒருவர் வேண்டும் என்பது அவர்கள் கண்டது. வேகமாக மாறிய பிளாஸ்டிக் தொழிலில் இணைப்புக்கென்றே தனிப் பிரிவுகள் இருந்தன. அமைதியாக ஓடிய கொள்கலன் தொழிலில் மேலதிகார வரிசையே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. உங்கள் மெர்ச்சண்டைசர் செய்தது பிளாஸ்டிக் நிறுவனங்களின் இணைப்பாளர் செய்த அதே வேலையை. புதிய மேலாளர் அவரையும் மேற்பார்வையாளர் வழியாகப் போகச் சொன்னபோது, ரிப்பின் நீளத்தைக் கவனித்திருக்கக்கூடிய ஒரே ஆளை வாசலில் நிறுத்திவிட்டார்.

வாசுகி:

அப்படியானால் அந்த மேலாளர் கொண்டுவந்தது செவ்வியல் சிந்தனை. அது சாம்பிள் பிரிவில் தோற்றது. மணி அண்ணனின் லைனில் அதே சிந்தனை வென்றது. இரண்டாம் வினாவின் 'இ' தவறாவது இதனால்தானா? எந்த நிறுவனத்துக்கும் பொருந்தா என்று அது சொல்கிறதே.

இராமநாதன்:

ஆம், அதனால்தான். இதற்கு ஜோன் உட்வர்டின் ஆய்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அவர் இங்கிலாந்தின் தென் எஸ்ஸெக்ஸ் பகுதியில் 100 தொழில் நிறுவனங்களைப் பார்த்தார்; முதல் அறிக்கை 1958இல் வந்தது. செவ்வியல் நூல்கள் சொன்னபடி அமைத்துக்கொண்ட நிறுவனங்கள் மற்றவற்றைவிட நன்றாக நடக்கின்றனவா என்று முதலில் தேடினார்; அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பிறகு நிறுவனங்களை உற்பத்தி முறைப்படி பிரித்தார்: ஒன்றிரண்டாகச் செய்பவை ஒரு குழு, பெருமளவில் தொகுதியாகச் செய்பவை ஒரு குழு, எண்ணெய் சுத்திகரிப்பு போல இடைவிடாமல் ஓடுபவை ஒரு குழு. பிரித்தவுடன் ஒழுங்கு தெரிந்தது. அடிமட்ட மேற்பார்வையாளரின் கீழ் இருந்தோர் முதல் குழுவில் சராசரியாக 23, இரண்டாம் குழுவில் 48, மூன்றாம் குழுவில் 15. வெற்றி பெற்ற நிறுவனங்கள் தத்தம் குழுவின் நடு அளவுக்கு அருகில் இருந்தன. தோற்றவை இரு பக்கமும் விலகி நின்றன. மணி அவர்களின் 42 எங்கே விழுகிறது என்று நீங்களே பாருங்கள்.

பெருமளவு உற்பத்திக் குழுவில் வெற்றி பெற்ற நிறுவனங்கள், எழுதிவைத்த கடமைகள், தெளிவான அதிகார வரிசை என்று கிட்டத்தட்டச் செவ்வியல் நூல்களின் படியே இருந்தன. ஆகவே சூழ்நிலை அணுகுமுறை செவ்வியலை வீசி எறியவில்லை. அது செல்லுபடியாகும் எல்லையைக் குறித்துக் கொடுத்தது. 'இ' போன்ற விருப்பத்தைப் பார்த்ததும் பழையதைத் திட்டுகிறது, ஆகவே புதியது என்று குறிப்பவர்கள் நிறையப் பேர். வினா எழுதுவோருக்கும் அது தெரியும்.

'அ'வை நீங்கள் குறித்ததும் இதே வகைத் தவறு. அந்தக் கூற்றின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அதைக் கெடுக்கிறது. எந்த வழியும் குறைந்ததன்று என்றால், 15 பேர் இருந்தாலும் 48 பேர் இருந்தாலும் ஒன்றே என்றாகிவிடும். அப்புறம் உட்வர்டு எதற்காக எண்ணினார்?

யாழ் வாசகன்:

இலங்கைப் பாடநூல்களில் இதைத் 'திறந்த தொகுதி' என்று படித்தவன் நான். பெயர் வேறானாலும் சிக்கல் ஒன்றுதான். இரண்டாம் வினாவின் 'ஈ' பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஒரே முடிவு என்பது பொதுத் தொகுதிக் கோட்பாட்டை வகுத்த பெர்ட்டலன்ஃபி உயிரியலிலிருந்து எடுத்துக்கொண்ட கருத்து. கடல் முள்ளெலியின் முழு முட்டையிலிருந்தும் முழு உயிர் வளர்கிறது, பிளந்த பாதியிலிருந்தும் முழு உயிரே வளர்கிறது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. கட்ஸ், கான் இருவரும் 1966இல் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே 'ஈ' திறந்த தொகுதி நோக்கின் கூற்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் ஐயம் வேறு. ஒரே முடிவைப் பல வழிகளில் அடையலாம் என்பது உண்மையானால், இந்த நிலைமைக்கு இந்த அமைப்பே பொருந்தும் என்று சூழ்நிலை அணுகுமுறை எப்படிச் சொல்ல முடியும்? மகள் தாயின் பேச்சையே மறுக்கிறாள் போல இருக்கிறது. ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரே சிறந்த வழி என்றால், டெய்லரின் ஒரு வழிக்குப் பதிலாக மூன்று வழி என்று ஆகிறதே தவிர, எண்ணம் மாறவில்லையே.

இராமநாதன்:

இந்தக் கேள்வியை ஒரு மாணவர் என்னிடம் கேட்டபோது, பல வழிகள் உண்டு, ஆனால் அவற்றின் எல்லையை நிலைமை குறுக்கிவிடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். உட்வர்டின் வெற்றியாளர்களும் எல்லாரும் சரியாக 48இல் நிற்கவில்லை, அதன் அருகில் நின்றார்கள் என்பதை அதற்குத் துணையாகக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை. உங்களுக்கும் போதாது என்றே நினைக்கிறேன். தேர்வு அளவில் மட்டும் சொல்வதானால், வழிகளின் பன்மையை வலியுறுத்தினால் திறந்த அமைப்பு, வழிக்கும் நிலைமைக்கும் உள்ள பொருத்தத்தை வலியுறுத்தினால் சூழ்நிலை அணுகுமுறை.

யாழ் வாசகன்:

தேர்வுக்குப் போதும். கருத்துக்குப் போதாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

கார்மேகம்:

நானே ஒரு கூற்றை எழுதிப் பார்த்தேன். வாசுகி, இது எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்: "சூழலோடு கொடுக்கல் வாங்கல் நின்றுபோன நிறுவனம் சிதையும், ஆகவே எல்லா நிறுவனங்களும் நெகிழ்வான அமைப்பையே மேற்கொள்ள வேண்டும்."

வாசுகி:

முதல் பாதி திறந்த அமைப்பு. இரண்டாம் பாதியில் 'நெகிழ்வான' என்று புதிய சொல் இருந்தாலும், எந்த நிலைமையிலும் எல்லாருக்கும் ஒரே வழி என்கிறது. அந்தப் புதிய மேலாளர் மணி அண்ணனின் லைனுக்குப் போய், இனி 42 பேரும் சாம்பிள் பிரிவு போலவே இயங்குங்கள் என்று சொன்னது போல இருக்கிறது. சூழ்நிலை அணுகுமுறை நிச்சயம் அன்று. செவ்வியல் என்றே குறிப்பேன்.

இராமநாதன்:

நான் திறந்த அமைப்பு என்று குறிப்பேன். செவ்வியல் எழுத்தாளர் எவரும் சூழலோடு கொடுக்கல் வாங்கல் என்று தொடங்க மாட்டார். நீங்கள் சொல்லும் பிழை அந்தக் கூற்றில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழையான திறந்த அமைப்புக் கூற்றும் திறந்த அமைப்புக் கூற்றுதான்.

திருப்பூர் மணி:

லைனில் 42 பேரும் முழு ஆடை தைக்கத் தொடங்கினால் கப்பல் போய்விடும், சரக்கு இங்கேயே கிடக்கும். வாசுகியின் பக்கமே என் ஓட்டு.

கார்மேகம்:

இருவரும் இரண்டு விடை சொல்வதால், இப்படி ஒரு கூற்றை வினாத்தாளில் வைக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறேன். 'ஆகவே'க்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு, முதல் பாதியை மட்டும் விருப்பமாக வைத்துக்கொள்கிறேன். வாசுகி, முதல் வினாவுக்கு மதிப்பெண் கேட்கச் சொன்னேன் அல்லவா, அதைக் கேட்க வேண்டாம்.

வாசுகி:

நேற்று இரவே கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.